தேசிக்காய் வாடாமல் இருக்க

பறித்த தேசிக்காயில் சாறு கூடுவதில்லை. மாங்காயைப் போல வைத்துப் பழுக்கவைக்கும் இனம் அல்ல அது. மரத்தில் நிற்கும்போது சேர்ந்த சாறுதான் கடைசிவரை. பறித்த காய் வீட்டில் கிடந்து மஞ்சளாவதைக் கண்டு, சாறு ஊறிவிட்டது என்று எண்ணுவது தவறு. உண்மையில் அந்த நாட்களில் தோலின் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

இழப்பு முதலில் தோலில்தான் தெரியும். நீர் போகப் போகத் தோல் மெலிந்து, தோற்பதமாகி, கடைசியில் கட்டியாகிவிடும். ஒரு கிலோ தேசிக்காய் 50 கிராம் அளவு எடை குறைந்தாலே சுருக்கம் கண்ணுக்குப் படத் தொடங்கும். இந்த நிலையில் உள்ளே இன்னும் சாறு இருக்கும்; ஆனால் இறுகிய தோல் விரலுக்கு வளையாததால் முழுவதையும் பிழிந்தெடுக்க முடியாது. எனவே நீரை வெளியே விடாமல் பிடித்துவைப்பதே சேமிப்பின் முழு வேலை.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டில் இந்த இழப்பு காலத்துக்குக் காலம் மாறும். வைகாசி தொடங்கி ஆவணிவரை வீசும் சோளகம் வறண்ட காற்று. அந்த நாட்களில் குசினித் தட்டில் திறந்தபடி கிடக்கும் தேசிக்காய் ஒரு கிழமைக்குள்ளேயே இறுகத் தொடங்கும். மாரியில் காய் மெதுவாகத்தான் வாடும். அப்போது வரும் எதிரி பூஞ்சணம்.

பூஞ்சணம் பெரும்பாலும் காயத்தின் வழியாகவே நுழையும். காயைப் பிடித்து இழுத்துப் பறித்தால் காம்படியில் தோல் கிழிந்துவிடும். கத்தரிக்கோலால் அல்லது சிறு கத்தியால் சிறிது காம்பு விட்டு வெட்டுவதே நல்லது. விடியற்காலையில் பனி ஈரத்தோடு பறிப்பதும் கூடாது. அந்நேரம் நீர் நிறைந்து விறைத்திருக்கும் தோல் சிறிது அழுந்தினாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் வெடிக்கும். பின்னர் அந்த இடம் கபில நிறத் தழும்பாகும். ஈரம் உலர்ந்த பின் பறித்த காயே நாள்பட நிற்கும்.

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் வழி எளிது. சந்தையில் வாங்கிய ஒரு கிலோவில் ஏறக்குறைய 25 காய் இருக்கும். தோல் கீறியதையும் மெத்தென்றிருப்பதையும் பிரித்து அன்றாடச் சமையலுக்கு வைத்துவிட வேண்டும். மற்றவற்றைத் துடைத்து நன்கு உலர்த்தி, பத்துப் பத்தாகப் பொலித்தீன் பைகளில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி வாயை இறுகக் கட்ட வேண்டும். பை இல்லாமல் வைத்தால் பெட்டியின் வறண்ட குளிர் காற்றே காயை உலர்த்திவிடும். கட்டிய பையில் மூன்று, நான்கு கிழமை சாறு குறையாமல் இருக்கும். பச்சைத் தேசிக்காய் 10 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் தாங்காது. தோலில் குழி விழுந்து கபிலப் புள்ளிகள் தோன்றும். ஆகவே கடுங்குளிர் படும் மேல்தட்டை விட்டு, கீழேயுள்ள மரக்கறிப் பெட்டியிலோ கதவுத் தட்டிலோ வைப்பது நல்லது. கிழமைக்கு ஒருமுறை பையைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு காயில் பச்சை அல்லது நீலத் தூள் தென்பட்டால் அதை எறிந்து, மற்றவற்றைத் துடைத்துப் புதுப் பையில் மாற்ற வேண்டும். நீலப் பூஞ்சணம் தொட்ட காய்க்குத் தாவும்.

பெட்டி இல்லாத வீட்டுக்கு இரண்டு மண்பானைகள் போதும். பெரியதனுள் சிறியதை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பிக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். காய்களை உலர்ந்த நிலையில் உட்பானையில் இட்டு ஈரச் சாக்கால் மூடி, காற்றுப் படும் நிழலில் வைக்கலாம். ஆவியாகும் நீர் பானையைக் குளிர்விக்கும். உள்ளே ஈரப்பதமும் நிற்கும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் உருவாக்கிய மின்சாரமற்ற குளிர்க்கூடமும், இரட்டைச் செங்கல் சுவரும் இடையே ஈர மணலுமாக, இதே முறையில்தான் இயங்குகிறது. சோளகத்தில் இது மிக நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிர்ச்சி கிடைக்காது. அப்போது பானையைக் கைவிட்டு, காய்களை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வைப்பதே மேல்.

பிழியும்போதும் கொஞ்சம் கவனம் தேவை. குளிர்ந்த காயில் சாற்றுப் பைகள் விறைத்திருக்கும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுக்கலாம், அல்லது கை பொறுக்கும் சுடுநீரில் பத்து நிமிடம் இடலாம். பிறகு பலகையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் பைகள் உடையும். நடுத்தண்டு வழியாகப் பிளக்காமல், அதன் இரு பக்கமும் கன்னமாக அரிந்தால் சாறு எளிதில் வடியும். இறுகிய காயையும் சுடுநீர் ஓரளவு இளக்கும். போன சாற்றை அது திருப்பித் தராது.

காய் மலிந்த காலத்தில் கிடைப்பதையெல்லாம் காயாகவே காக்க முயல வேண்டியதில்லை. பிழிந்த புளியை வடிகட்டி, ஐஸ்கட்டித் தட்டில் உறையவைத்துப் பையில் கட்டினால் மூன்று நான்கு மாதங்கள் கறிக்கும் சம்பலுக்கும் உதவும்.