கடைசிக் கட்டத்தை முதலில் படியுங்கள்

செவிலியப் பராமரிப்புத் திட்டங்களைத் திருத்துவோர் கடைசிக் கட்டமான விளைவு மதிப்பீட்டை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாணவி பதிந்தவை: நிமிடத்துக்கு 30 சுவாசம், ஆக்சிஜன் செறிவு 84 விழுக்காடு, வெளிவராத கெட்டிச் சளி. பதற்றத்துக்கும் பசியின்மைக்கும் முன்பாக வாயுப் பரிமாற்றக் குறைபாட்டை வைத்திருக்கிறார், சரியே. இலக்கு, ‘சுவாசம் சீராகும்’. காரண விளக்கம், ‘ஆக்சிஜன் மூச்சுத்திணறலைக் குறைக்கும்’. விளைவு, ‘இலக்கு ஓரளவு எட்டப்பட்டது’. கட்டங்கள் நிரம்பியிருப்பதால் மதிப்பெண்ணும் நிரம்பிவிடுகிறது!

எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு எட்டப்பட்டது? கரியமில வாயு தேங்கும் அபாயமுள்ள இத்தகையோருக்குச் செறிவு இலக்கு பொதுவாக 88 முதல் 92 விழுக்காடு. ஆக்சிஜன் அளிக்கையில் 98 காட்டினால் அது வெற்றியன்று, எச்சரிக்கை. இதைச் சொல்லாத காரண விளக்கம் வார்டில் உள்ள எவருக்கும் பொருந்தும், இவருக்கென எழுதப்பட்டதாகாது.

மாறாக, ‘நான்கு மணி நேரத்துக்குப் பின் செறிவு 89, சுவாசம் 26, சளி இன்னும் வெளிவரவில்லை, எனவே இருமல் பயிற்சி நெபுலைசர் மருந்துக்குப் பின்னர் என மாற்றப்பட்டது’ என்று எழுதியிருந்தால்? சளி குறித்த இலக்கு எட்டப்படவில்லைதான். ஆயினும் அக்கட்டத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். தொடக்கத்தில் அளந்ததையே அவர் மீண்டும் அளந்திருக்கிறார். அளவு சொன்னபடி திட்டத்தையும் திருத்தியிருக்கிறார். நோயாளி தேறாததற்காக மாணவியின் மதிப்பெண்ணைக் குறைக்கும் வழக்கம்தான் ‘ஓரளவு எட்டப்பட்டது’ என்ற பாதுகாப்பான வாக்கியத்தை வளர்க்கிறது.