விலையை மறைக்கும் பொத்தான்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பலகாரம் சுட்டு விற்பவர்களின் முகநூல் பக்கங்களைப் பாருங்கள். முறுக்கின் படம் அழகாக இருக்கும். கீழே பச்சை நிறத்தில் வாட்ஸ்அப் பொத்தான் இருக்கும். விலை மட்டும் இருக்காது. 'விலைக்கு வாட்ஸ்அப் செய்யவும்' என்று ஒரு வரி இருக்கும். பூமாலை கட்டுகிறவர், ரவிக்கை தைக்கிறவர், குளிர்சாதனம் பழுது பார்க்கிறவர் என்று பலருடைய பக்கங்களும் இப்படித்தான். வாடிக்கையாளர் நொடியில் தொடர்புகொள்ளட்டும் என்று வைத்த பொத்தான், அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை ஒளித்துவைக்கும் இடமாகிவிட்டது. இது விற்பவருக்கே நஷ்டம் என்பது என் கட்சி.

விலையைப் போடாததற்கு அவர்களிடம் காரணங்கள் உண்டு. எண்ணெய் விலையும் மாவு விலையும் ஏறி இறங்குகின்றன. பக்கத்துத் தாமானில் அதே முறுக்கைச் சுடுகிறவர் பார்த்துவிட்டு ஒரு ரிங்கிட் குறைத்துவிடுவார் என்ற பயம் இருக்கிறது. பழைய தோட்டத்து உறவுக்காரர்களுக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை என்ற வழக்கமும் இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. எல்லாவற்றையும்விட, பேச்சுக் கொடுத்துவிட்டால் வாங்கிவிடுவார் என்ற நம்பிக்கை. சந்தையில் அது பலிக்கும். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம், ஒரு துண்டை உடைத்து ருசி பார்க்கக் கொடுக்கலாம். கைப்பேசியில் அப்படி இல்லை. விலை கேட்டு ஐந்து பேருக்கு ஒரே செய்தியை அனுப்பிவிட்டு, முதலில் பதில் சொன்னவரிடம் வாங்கிக்கொண்டு போகிறவர்தான் அங்கே அதிகம்.

சட்டமும் இதை விரும்பவில்லை. 2012-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக வந்த 2024-ஆம் ஆண்டின் மின்வணிகப் பரிவர்த்தனை விதிகள், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. இணையம் வழி விற்கிறவர் தன் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் கட்டும் முறை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். 'பிஎம் தெப்பி' என்று மலாய்க்காரர்கள் கேலியாகச் சொல்லும் இந்த ஒளித்துவைக்கும் பழக்கத்தைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வீட்டில் சுடும் அக்காவைத் தேடி அதிகாரி வருவாரா என்பது வேறு விஷயம். சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஒருவர் முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை என்று மூன்று வகை விற்பதாக வைத்துக்கொள்வோம். விலை இல்லாத பக்கத்திலிருந்து வரும் உரையாடல் எப்படிப் போகும்? 'ஹாய்' என்று வரும். 'வணக்கம்மா' என்று இவர் பதில் போட வேண்டும். 'முறுக்கு இருக்கா அக்கா?' 'இருக்கு.' 'எவ்வளவு?' 'டப்பா 25 ரிங்கிட்.' 'ஆயர் தாவாருக்கு அனுப்புவீங்களா?' 'அனுப்பலாம், எட்டு வெள்ளி ஆகும்.' அதன் பிறகு எதிர்ப்பக்கம் மௌனம். ஆக மூன்று நான்கு முறை கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை விட்டு எழுந்து வந்திருக்கிறார், விற்பனை இல்லை. இரவில் முப்பது பேர் இப்படிக் கேட்டால் நூறு பதில்கள். அவர்களில் எட்டுப் பேர் வாங்கினாலும், மற்ற இருபத்திரண்டு பேருக்குச் சொன்ன பதில்களில் பெரும்பகுதி பக்கத்தில் ஒரே ஒரு முறை எழுதியிருக்க வேண்டிய வரிகள்தாம். விலையைப் பக்கத்தில் போட்டால் விசாரிப்பவர் எண்ணிக்கை நிச்சயம் குறையும். குறைவது வாங்க மனமில்லாதவர்களின் எண்ணிக்கை. அதைப் பார்த்து வியாபாரம் படுத்துவிட்டது என்று பயந்து விலையை மீண்டும் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

ஆகவே பொத்தானை வைக்கும் முன், அதை அழுத்துகிறவர் என்ன சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் இதற்கு ஒரு வசதி வைத்திருக்கிறது. பொத்தானுக்குப் பின்னால் இருப்பது ஓர் இணைப்பு முகவரிதான். அதில் எண்ணோடு சேர்த்து, வாடிக்கையாளரின் தட்டச்சுப் பெட்டியில் முன்கூட்டியே வந்து நிற்கும் செய்தியையும் எழுதிவைக்கலாம்:

```
https://wa.me/6012XXXXXXX?text=Order%20murukku%0ANama:%0ABerapa%20balang:%0ATarikh:
```

அழுத்தியவுடன் 'முறுக்கு ஆர்டர்' என்ற தலைப்பும், அதன் கீழே பெயர், எத்தனை டப்பா, எந்தத் தேதிக்கு என்ற மூன்று வரிகளும் மலாயில் வந்து நிற்கும். அவர் நிரப்பி அனுப்பினால் போதும். 'ஹாய்' என்று தொடங்கும் உரையாடல்களில் பாதி இங்கேயே மறைந்துவிடும். வரி மாறுவதற்கு `%0A`, இடைவெளிக்கு `%20` என்று எழுத வேண்டும். இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால், இணைப்பை வேறு குழுவில் பகிரும்போது முதல் சொல்லோடு அறுந்துவிடும். '&' என்ற குறிக்கு `%26` என்று எழுதாவிட்டால், அதற்குப் பின்னால் உள்ளது செய்தியில் வராது. 'முறுக்கு & ஓமப்பொடி' என்று எழுதியவருக்கு முறுக்கு ஆர்டர் மட்டுமே வந்துகொண்டிருந்தால் காரணம் இதுதான்.

எண்ணில்தான் தவறு அதிகம் நடக்கிறது. நம் பழக்கம் 012 என்று தொடங்குவது. இணைப்பில் நாட்டு எண் 60 முன்னால் வர வேண்டும். உள்ளூர் எண்ணின் முதல் பூஜ்யம் போய்விட வேண்டும். கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது. ஆக 012 என்பது 6012 ஆகும். நாட்டு எண்ணை விட்டுவிடுகிறவர்களும், பூஜ்யத்தை எடுக்காமல் 60012 என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. பொத்தான் பார்க்கச் சரியாகவே இருக்கும். அழுத்தினால்தான் அந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை என்று திரை சொல்லும். வாடிக்கையாளர் அதை உங்களிடம் வந்து சொல்லமாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திராத ஒருவருடைய கைப்பேசியிலிருந்தும், ஒரு கணினியிலிருந்தும் அழுத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்செய்தியைத் தமிழில் வைக்கலாமா? தாராளமாக. ஆனால் இணைப்பு முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'வணக்கம்' என்ற ஒரே சொல் 63 எழுத்துகள் ஆகிவிடும். பொத்தானுக்குள் மறைந்திருக்கும்வரை அது தொல்லையில்லை. அதையே கியூஆர் கட்டமாக்கி டப்பாவின் மூடியில் சிறிதாக அச்சடித்தால், புள்ளிகள் நெருங்கிப்போய்ப் பழைய கைப்பேசிகள் படிக்கத் திணறும். இதற்கு வழி இருக்கிறது. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, குறுகிய இணைப்பு ஒன்றையும் அதற்கான கியூஆரையும் தானே தரும். முன்செய்தி செயலிக்குள் இருக்கும். பிறகு அதை மாற்றினாலும் மூடியை மறுபடி அச்சடிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் எந்த மொழியில் பேசுவார் என்று யோசித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஒரே நாளில் தமிழும் மலாயும் வரும், தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களிடமிருந்து குரல்பதிவு வரும். குரல்பதிவு அனுப்புகிறவர் எந்தப் படிவத்தையும் நிரப்பமாட்டார். அவரை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இணைப்பை இடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது இன்னொரு நல்ல வழி. முகநூலில் போடும் இணைப்பின் செய்தியில் 'M', மூடியில் ஒட்டும் கட்டத்தின் செய்தியில் 'T' என்று ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால், வரும் ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று செய்தியே சொல்லிவிடும். விளம்பரத்துக்குக் கொடுத்த காசு திரும்புகிறதா, போன தீபாவளிக்கு வாங்கியவர்களே மூடியைப் பார்த்து மறுபடி வருகிறார்களா என்பது ஒரு வாரத்தில் விளங்கும். இதற்கு மட்டும் நீண்ட இணைப்புகளையே பயன்படுத்த வேண்டும். எழுத்துகளைச் சுருக்கமாக வைத்துக்கொண்டால் கட்டமும் பெரிதாகாது.

பதில் சொல்வது யார் என்பதுதான் கடைசிவரை தீராத கேள்வி. பொத்தானை அழுத்துகிறவர் அந்த நொடியே பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார். எண்ணெய்ச் சட்டி முன் நிற்பவரால் அது முடியாது. பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தி, இல்லாத நேரச் செய்தி என இரண்டு உண்டு. வரவேற்புச் செய்தி முதல்முறை எழுதுபவருக்கும், பதினான்கு நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும்தான் போகும். பலர் அதில் 'எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி' என்று எழுதிவைக்கிறார்கள். யாருக்கும் அதனால் பயனில்லை. 'இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பதில் போடுவேன், அக்டோபர் 10-க்குப் பிறகு புது ஆர்டர் எடுக்கமாட்டேன்' என்று எழுதினால் காத்திருப்பவர் காத்திருப்பார். முதன்மைக் கைப்பேசியோடு இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால், ஈப்போவில் படிக்கும் மகள் அங்கிருந்தே கணினியில் பதில் போடலாம். ஆனால் ஒரே ஆர்டருக்கு இருவரும் 'சரி' சொல்லிவிடாமல், ஏற்றவற்றுக்கு அடையாளச் சீட்டு போடும் பழக்கம் வேண்டும். செயலியில் அந்த வசதியும் இருக்கிறது.

சொந்த எண்ணை ஊருக்கெல்லாம் கொடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு, பெண்கள் அதிகம். தயக்கம் நியாயமானது. வீட்டில் 05-இல் தொடங்கும் பழைய தொலைபேசி இருந்தால் அந்த எண்ணையே பிசினஸ் செயலியில் பதிந்துகொள்ளலாம். சரிபார்ப்புக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல் அழைப்பாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே கைப்பேசியில் சாதாரண வாட்ஸ்அப் சொந்த எண்ணிலும், பிசினஸ் இந்த எண்ணிலும் ஓடும்.

பொத்தானுக்கு அருகே எண்ணை எழுத்தாகவும் போடச் சொல்வேன். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவில், நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி, முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. அப்படி ஒரு நாள் பட்டப்பகலில், தீபாவளி வாரத்தில் வந்தால், எண் தெரிந்தவர் அழைத்துப் பேசுவார். பொத்தானை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். கூகுள் தன் வணிகப் பக்கங்களில் வைத்திருந்த அரட்டை வசதியை 2024 ஜூலையோடு மூடியது. பொத்தானின் உரிமையாளர் நாம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எண்ணை எழுதிவைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. உங்கள் படங்களைத் திருடி, பொத்தானுக்குப் பின்னால் வேறு எண்ணை வைத்து எவனாவது போலிப் பக்கம் திறந்தால், வாடிக்கையாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கும்.

பொதுவில் வைத்த எண்ணுக்கு ஏமாற்றுக்காரர்களும் எழுதுவார்கள். 'தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று கேட்பது பழைய தந்திரம். அனுப்பினால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளரிடமே முன்பணம் கேட்பார்கள். செயலியின் அமைப்புகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான பின் எண்ணைப் பொத்தான் வைக்கும் அன்றே போட்டுவிட வேண்டும். வாடிக்கையாளர் யாராவது அப்படிப் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னால், அவரைத் தன் வங்கிக்கோ தேசிய மோசடி பதில் மையத்தின் 997 எண்ணுக்கோ அந்த நிமிடமே அழைக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குகள் மாறிப் போய்விடும்.