கடைசி நிமிடத் துள்ளல் ரகசியச் செய்தி அல்ல

சந்தை மூடும் நேரத்தில் ஒரு பங்கின் விலை துள்ளி, கோடிக்கணக்கான பங்குகள் கைமாறினால், “உள்ளே யாருக்கோ செய்தி தெரிந்துவிட்டது, ஆபரேட்டர் வேலை, திங்களன்று இன்னும் ஏறும்” என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. குறியீடு மாற்றியமைக்கப்படும் நாட்களில் இது தவறான வாசிப்பு. 2020 டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை, டெஸ்லாவுக்கு நடந்ததை வைத்தே பார்க்கலாம்.

“செய்தி கசிந்திருக்கிறது.” கசிய எதுவும் இருக்கவில்லை. எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் டெஸ்லா சேரப்போவது நவம்பர் 16 அன்றே அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 21, திங்கள் காலைக்குள் குறியீட்டு நிதிகளின் கையில் பங்கு இருந்தாக வேண்டும். குறியீடு வெள்ளிக்கிழமையின் நிறைவு விலையில் அதைச் சேர்த்துக்கொள்ளும். நிதி மேலாளர் நண்பகலில் வேறு விலைக்கு வாங்கினால், லாபமோ நட்டமோ, அவருடைய நிதி குறியீட்டிலிருந்து விலகிவிடும். விலகாமல் இருப்பதுதான் அவர் வேலை. அதனால் எல்லோரும் ஒரே நிறைவு விலைக்கு வரிசை கட்டுகிறார்கள். அன்று 22 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின.

“ஏலம்தான் விலையைக் குலைக்கிறது.” நாஸ்டாக்கின் நிறைவு ஏலத்தில் மாலை 3:50 முதலே வாங்கும் ஆர்டர் மிஞ்சுகிறதா, விற்கும் ஆர்டர் மிஞ்சுகிறதா என்ற விவரம் வெளியாகிறது. எதிர்ப்பக்கம் நிற்க விரும்புவோரை அழைப்பதற்கான ஏற்பாடு அது. இந்தியாவில் நெடுங்காலம் நிறைவு ஏலமே இல்லை; கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரியே நிறைவு விலை. அப்போதும் எம்எஸ்சிஐ மாற்ற நாட்களில் அந்த அரை மணி நேரத்தில் வர்த்தகம் குவிந்தது. குவியலுக்குக் காரணம் நிதிகளின் கட்டாயம், ஏலம் அல்ல.

“நாளையும் ஏறும்.” அறிவிப்பு நாளில் சுமார் 408 டாலராக இருந்த டெஸ்லா, சேர்க்கைக்கு முன்பே 70 விழுக்காடு ஏறியிருந்தது. முன்கூட்டி வாங்கியவர்கள் வெள்ளிக்கிழமை மாலை நிதிகளிடம் விற்றார்கள். கடைசி நிமிடங்களில் துள்ளிய விலை 695 டாலரில் நின்றது. கட்டாயம் தீர்ந்த திங்களன்று 6 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து, சுமார் 650-க்கு வந்தது. பங்கு பின்னர் மீண்டும் ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தை வெள்ளிக்கிழமைத் துள்ளல் முன்னறிவிக்கவில்லை.

நிறைவு விலையில் முறைகேடே நடக்காது என்று நான் சொல்லவில்லை. பிரித்தறிய வழி உண்டு. அன்று எந்தக் குறியீட்டுக்காவது மாற்ற நாளா என்று முதலில் பாருங்கள். எஸ் அண்ட் பி-க்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாவது வெள்ளி. எம்எஸ்சிஐ-க்கு பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாத இறுதி. சேரும் பங்குகளிலும் வெளியேறும் பங்குகளிலும் ஒரே நேரத்தில் வர்த்தகம் பெருகியிருந்தால், அது நிதிகளின் கட்டாயக் கொள்முதலும் விற்பனையும்தான். நாளும் பொருந்தாமல், ஒரே ஒரு பங்கு மட்டும் துள்ளினால், அப்போது சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.