முன்பணம் சிறிது, பொறுப்பு பெரிது

எம்.சி.எக்ஸ். சந்தையின் ‘கோல்டு மினி’ ஒப்பந்தம் 100 கிராம் தங்கத்துக்குரியது. விலையோ 10 கிராமுக்கே குறிக்கப்படுகிறது. அவ்விலை ரூ.1,00,000 எனக் கொண்டால், ஒப்பந்த மதிப்பு ரூ.10 லட்சம். மார்ஜின் எனும் பிணைத்தொகை 10 சதவீதமானால், ரூ.1 லட்சம் செலுத்தி அதனை வாங்கிவிடலாம்.

மறுநாள் விலை 2 சதவீதம் மட்டும் இறங்கினாலும் நட்டம் ரூ.20,000, அதாவது, செலுத்திய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அன்றைய கணக்கிலேயே அது கழிக்கப்படும். குறைந்ததை ஈடுசெய்யுமாறு தரகரிடமிருந்து ‘மார்ஜின் கால்’ வரும். செலுத்தத் தவறினால் அவர் ஒப்பந்தத்தை விற்று முடித்துவிடலாம். பின்னர் விலை ஏறினாலும் பயனில்லை.

எனவே பிணைத்தொகையை அன்று, ஒப்பந்தத்தின் முழு மதிப்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது எம் கருத்து. ரூ.10 லட்சத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்க இயலாதோர்க்கு 1 கிராம் அளவுள்ள ‘கோல்டு பெட்டல்’ ஒப்பந்தமே ஏற்றது.