சால்வை மட்டும் போதுமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் 12 வீடுகள். 22 வருஷமாக மாடிப்படி பெருக்கி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி வந்த ஆச்சி, முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொன்னார். பாராட்டு விழா நடத்தலாம் என்று முடிவு செய்தோம். சால்வை, பழத்தட்டு, ஒரு பட்டுப்புடவை என்று பேச்சு ஓடியது.

அப்போது தரைத்தள மாமி, "நம்ம வீட்டு ஆம்பளைங்க ரிட்டயர் ஆனா வெறும் சால்வையோடவா அனுப்புவாங்க?" என்று கேட்டார். எல்லோரும் வாயடைத்துப் போனோம்.

அவர் கணவர்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டத்தில், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்கு இருந்ததாம். ஒரே ஒருவர் வேலை பார்க்கும் எங்களைப் போன்ற இடத்தை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் மனசாட்சி உண்டே! ஆச்சியின் கடைசிச் சம்பளம் மாதம் 5,200 ரூபாய். அதை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 200. பதினைந்து நாளைக்கு 3,000. இருபத்திரண்டு வருஷத்துக்கு 66,000 ரூபாய். வீட்டுக்கு 5,500 ரூபாய்தான் வந்தது. ஒரே தவணையில் கொடுக்க முடியாதவர்கள் இரண்டு மாதத்தில் கொடுத்தார்கள். அதை ஆச்சி பெயரிலேயே வங்கியில் போட்டோம்.

விழா அன்று ஆச்சியை நடு நாற்காலியில் உட்கார வைத்தோம். உட்காரவே கூச்சப்பட்டார். 'குடும்பத்தில் ஒருத்தி' என்று பொதுவாகப் பேசாமல், ஆளுக்கு ஒரு சம்பவம் சொன்னோம். 2023 டிசம்பர் 17-ல் பேய்மழை கொட்டி, தாமிரபரணி பெருக்கெடுத்ததே, அப்போது மீட்டர் அறைக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து வீடு வீடாகக் கதவைத் தட்டி எழுப்பியவர் ஆச்சிதான் என்று நான் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் கொடுத்த அதே எவர்சில்வர் டம்ளரில் அவருக்கும் காபி. இத்தனை வருஷமும் அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த வீடுகளில் என் வீடும் ஒன்று. அதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும், "வேல செஞ்சதுக்குத்தான் சம்பளம் வாங்கியாச்சே தாயி, இது எதுக்கு?" என்றார். "இதுவும் சம்பளம்தான் ஆச்சி, நாங்கதான் பாக்கி வச்சிருந்தோம்" என்றார் மாமி.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று தமிழக அரசு 2007-லேயே நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதிந்து வைத்தால் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. ஆனால் 60 முடிவதற்குள் பதிய வேண்டும். ஆச்சி அந்த வயதைத் தாண்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு 34 வயது. முதல் மாதச் சம்பளம் கொடுப்பதற்கு முன்பே அவளைப் பதிவு செய்துவிட்டோம்.

தோழிகளே, உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் வயது என்ன என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி.