நம் படத்தில் நாம் அணியாத உடை



நமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் நடந்தது இது. ஆசிரியப் பயிற்சி படிக்கும் பெண்ணொருவர், மாமா மகளின் நிக்காஹ்வில் எடுத்துக்கொண்ட படத்தைத் தோழியர் சிலருடன் பகிர்ந்திருந்தார். சில வாரங்கள் கழித்து, ஓர் இரவு, தோழியொருவர் இணைப்பு ஒன்றை அனுப்பினார். திறந்து பார்த்தால் அதே மண்டபம், அதே பூத்தோரணம், அதே முகம். ஆனால் தலையில் முக்காடு இல்லை. முழுக்கை உடுப்பு இருந்த இடத்தில் கையில்லாத உடை. அவர் பெயரிலேயே தொடங்கப்பட்ட போலிக் கணக்கில் அது ஏற்றப்பட்டிருந்தது.

அன்றிரவு அவ்வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "நீ ஏன் படம் எடுத்தாய்?" என்பதுதான். அக்கேள்வியை நாம் ஏற்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டபோது இறங்கிய சூரத்துந் நூரின் வசனங்கள், அதைக் கேட்டு நாவிலிருந்து நாவுக்குக் கடத்தியவர்களையே கண்டித்தன. மாற்றப்பட்ட படத்திலும் குற்றம் மாற்றியவருடையது. பகிர்பவர் அதில் பங்கு கொள்கிறார். இதை வீட்டார் முதலில் உணர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றுக்கு நேரம் கிடைக்கும். இங்கே நேரம் மிகவும் முக்கியம்.

பதறிப்போய் அப்பெண்ணின் அண்ணன் செய்ய நினைத்தது, போலிக் கணக்குக்கே "உடனே அழி" என்று செய்தி அனுப்புவது. நல்லவேளையாக அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எதிரி எச்சரிக்கையாகிக் கணக்கின் பெயரை மாற்றியோ மூடியோ மறைந்திருப்பான். முதல் வேலை சாட்சியத்தைப் பாதுகாப்பது. திரைப்பிடிப்பு மட்டும் போதாது. அந்தப் பதிவின் முழு இணைய முகவரியையும் கணக்கின் முகவரியையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். கணக்கின் முகப்பிலிருந்து அப்படம் வரை சென்று காட்டும் திரைப்பதிவு ஒன்றும், பார்த்த தேதியும் நேரமும் வேண்டும். இவற்றுக்கு இணையாக வேண்டியது உண்மைப் படம். எடுத்த கைபேசியில் உள்ள மூலக்கோப்பை அழிக்கவே கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியில் எடுத்த நாள், நேரம் போன்ற உள்விவரங்கள் பெரும்பாலும் கழன்றுவிடும். மூலக்கோப்பையும் மாற்றப்பட்டதையும் அருகருகே வைத்தால், நின்ற நிலையும் பின்னணியும் ஒன்றாயிருக்க உடை மட்டும் வேறாயிருப்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படம் யார் யாரிடம் சென்றது என்ற பட்டியலையும் நினைவு மங்குமுன் எழுதிக்கொள்வது நல்லது. விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்து நீக்கக் கோருவது. இங்கேதான் நம்மவர்களில் பலர் தவறான பொத்தானை அழுத்துகிறார்கள். அப்பெண்ணும் முதலில் "நிர்வாணம்" என்ற காரணத்தைத் தேர்ந்தார். சிறிது நேரத்தில் விதிமீறல் ஏதுமில்லை என்ற பதில் வந்துவிட்டது. கையில்லாத உடை அத்தளத்தின் கண்ணில் நிர்வாணமன்று. முக்காடு அகற்றப்பட்டது நமக்கு எவ்வளவு பெரிய அத்துமீறல் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆனால் இந்தியச் சட்டம் இதற்கு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(ஆ) என்ற பிரிவு, அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படங்களை மட்டும் சொல்லவில்லை. ஒருவரைப் போல் நடித்து ஏமாற்றுவதையும், செயற்கையாக உருமாற்றப்பட்ட அவரது படங்களையும் சேர்த்தே சொல்கிறது. முறையீடு கிடைத்த அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள் அவற்றை அணுக முடியாதபடி செய்யத் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆகவே முக்காடு அகற்றப்பட்ட படத்துக்கு உரிய காரணம் "ஆள்மாறாட்டம், உருமாற்றப்பட்ட படம்" என்பதே. பதிவின் கீழுள்ள பொத்தானோடு நிற்காமல், அத்தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கும் அப்பிரிவைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

அதே பிரிவில் இன்னொரு வசதியும் உண்டு. பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவரும் முறையிடலாம். நடுங்கும் கையோடு அப்பெண்ணே உட்கார வேண்டியதில்லை. இக்குடும்பத்தில் அவருடைய மச்சான் எழுதினார். நான்கே வரிகள்: படத்தில் இருப்பவர் யார், எது மாற்றப்பட்டது, எந்த முகவரியில் உள்ளது, எந்த விதியின்கீழ் நீக்கக் கோருகிறோம். உண்மைப் படத்தை இணைத்தார். மறுநாள் பிற்பகல் பதிவும் கணக்கும் மறைந்தன. அலுவலர் மறுத்திருந்தாலும் வழி முடிந்துவிடாது. அவர் பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் gac.gov.in என்ற தளத்தில் ஒன்றிய அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம்.

ஆடையே இல்லாததாகவோ அரைகுறையாகவோ படம் மாற்றப்பட்டிருந்தால் மற்றொரு கருவியும் உதவும். StopNCII.org என்ற தளம், 18 வயது நிறைந்தவர்களுக்காக, அவர்களது கைபேசியிலேயே படத்திலிருந்து ஓர் எண்கோவையை உருவாக்குகிறது. படம் கைபேசியை விட்டு வெளியே போவதில்லை. அந்த எண்கோவை மட்டும் பங்குபெறும் சமூகத் தளங்களுக்குச் செல்கிறது. அவை அப்படத்தைத் தேடி நீக்கும். பங்குபெறாத தளங்களில் இது செல்லாது. படத்தை வெட்டியோ திருத்தியோ மறுபடி ஏற்றினால் தப்பிவிடக்கூடும். முக்காடு மட்டும் அகற்றப்பட்ட படத்துக்கும் இது உரியதன்று.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்ட சிறுமியாயின் நாம் மேலே சொன்ன ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆடையற்றதாக மாற்றப்பட்ட சிறுமியின் படத்தைச் சாட்சியத்துக்கென்று சேமிப்பதோ, பெரியவர்களிடம் காட்ட அனுப்புவதோ கூடாது. வைத்திருப்பதும் அனுப்புவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். இணைப்பை மட்டும் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குச் செல்க.

படம் நீங்கியதும் "இனி போலீஸ் எதற்கு?" என்றார் அப்பெண்ணின் வாப்பா. மானம் குறித்த அச்சம் நமக்குப் புரிகிறது. ஆயினும் ஒன்றைச் சொன்னோம்: முறையீட்டின் பேரில் நீக்கிய பதிவையும் அதன் விவரங்களையும் தளங்கள் 180 நாட்கள் விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. போலிக் கணக்கை இயக்கியவரை அறியும் வாய்ப்பு அதற்குள்தான் பலமாக இருக்கிறது. cybercrime.gov.in தளத்தில் பெண்களுக்கெதிரான குற்றப் பிரிவில் பெயர் வெளியிடாமலும் புகார் தரலாம். ஆனால் அப்படித் தந்த புகாரின் நிலையைப் பின்தொடர இயலாது. எனவே பெயருடன் தருவதே பயன் தரும் என்பது நம் கருத்து. நேரில் சென்றால் எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். எல்லை வேறென்று திருப்பி அனுப்புவதற்கு 2023ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இடமில்லை. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்துவதைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆவது பிரிவை முக்காடு அகற்றிய படத்துக்கும் எடுத்துக்காட்டலாம். ஆபாசமாக மாற்றியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவும் சேரும். அச்சட்டத்தின் குற்றங்களை விசாரிக்க ஆய்வாளர் நிலையிலாவது அதிகாரி வேண்டும்.

வாப்பா இசைந்தார். பெயருடனேயே புகார் பதிவாயிற்று.

மிகக் கடினமாக இருந்தது வேறொன்று. உறவினர் ஒருவர், "இது நம்ம பிள்ளைதானா?" என்று கேட்டு, அப்படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார். அங்கிருந்து மேலும் இரு குழுக்களுக்கு அது சென்றது. குறியாக்கம் செய்யப்பட்ட குழுவுக்குள் இருப்பதை நிறுவனம் தானாகத் தேடி நீக்க முடியாது. குழு நிர்வாகி மட்டும் பிறர் இட்ட செய்தியை எல்லோருக்கும் நீக்கலாம். அதற்குள் கைபேசிகளில் இறங்கிவிட்ட பிரதிகளை அவராலும் தொட முடியாது. வாப்பா மூன்று குழு நிர்வாகிகளையும் தாமே அழைத்துப் பேசினார். இரு குழுக்களில் அன்றே நீக்கினார்கள். மூன்றாவதன் நிர்வாகி வெளிநாட்டில் வேலையிலிருந்தார். அவர் கைபேசியை எடுக்க மறுநாள் காலையாயிற்று.