கூறியது கூறலும் குன்றக் கூறலும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையில் மிகுதியாக வாசிக்கப்படும் தமிழ் உரைநடை எது? சிற்றிதழ்க் கதையும் அன்று, நாளிதழ்த் தலையங்கமும் அன்று. விடுதி வாயிலில் ஒட்டப்படும் அறிவிப்பும், ஷிப்ட் முடியும் வேளையில் வாட்ஸப் குழுவில் வந்து விழும் நீண்ட செய்தியுமே. பல்லாயிரம் பேர் வாசிக்கும் இவ்வுரைநடையைப் பற்றி இலக்கியம் பேசும் நாம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அதை எழுதுகிறவர்களோ நம் வகுப்பறைகளில் நாம் மதிப்பெண் போட்டு அனுப்பியவர்கள்.

அவ்வெழுத்தின் தலையாய குற்றம் கூறியது கூறல். இதை நடைக் குறையாக மட்டும் கொண்டு சிரித்துவிட்டுப் போகிறவர்களோடுதான் நமக்கு வழக்கு. திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் அழகுக் கேடு அன்று. சொல்லாமல் விட்டதை மறைக்கும் திரை அது.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுகொள்ளலாம். பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவிற்று. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாளும் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. அறைத்தோழி உயிரோடிருக்கிறாளா என்று அறியத் தவிப்பவளுக்கு வேண்டியது எத்தனை பேர், எங்கே, எந்நிலையில் என்ற மூன்று செய்திகள். அவை கிட்டாத இடத்தை வதந்தி நிரப்புகிறது.

அத்தகைய வேளையில் வழக்கமாக எழுதப்படும் செய்தி எப்படி இருக்கும்? கீழே வருவது நாமே கட்டிய மாதிரி. எந்த நிறுவனத்துடையதும் அன்று. ஆனால் இப்பகுதியில் பணியாற்றும் எவருக்கும் இதன் குரல் பழகியதே.

"விடுதியில் தங்கியுள்ள தொழிலாளர்கள் அனைவருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நேற்றிரவு விடுதியில் உணவு உண்ட தொழிலாளர்கள் சிலருக்கு உடல்நலக்குறைவு ஏற்பட்டுள்ளது. உடல்நலக்குறைவு ஏற்பட்ட தொழிலாளர்களுக்கு உரிய சிகிச்சை உரிய முறையில் அளிக்கப்பட்டு வருகிறது. தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டுள்ள நிர்வாகம் தொழிலாளர் நலனை எப்போதும் அக்கறையுடன் கவனித்து வருகிறது. தேவையான நடவடிக்கைகள் அனைத்தும் தேவைக்கேற்ப எடுக்கப்பட்டு வருகின்றன. எனவே யாரும் அஞ்ச வேண்டாம், அச்சப்படத் தேவையில்லை. உண்மையல்லாத வதந்திகளை உண்மையென நம்ப வேண்டாம்."

ஆறு வாக்கியங்கள், ஐம்பத்தொரு சொற்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அதனால் வாசகருக்குப் புதிதாகத் தெரியவந்தது என்ன என்று இரண்டு மூன்று சொற்களில் ஓரத்தில் குறித்துப் பாருங்கள். முதலாவதற்கு எதிரே 'சிலருக்கு நோய்' என்று எழுதலாம். இரண்டாவதற்கு 'சிகிச்சை நடக்கிறது'. மூன்றாவதற்கு எதிரே எழுத ஒன்றுமில்லை. அக்கறை உள்ளவர் அக்கறையுடன் கவனிக்கிறார் என்பது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் செக்குமாட்டு வாக்கியம். நான்காவதும் அவ்வாறே, தேவையானதைத் தேவைக்கேற்பச் செய்வதை மறுக்க யாராலும் இயலாது, மறுக்க இயலாததில் செய்தியும் இல்லை. ஐந்தாவதில் அச்சம் இருமுறை வருகிறது, அஞ்சாதிருக்க ஒரு காரணமும் வரவில்லை. ஆறாவது, வதந்தி உலவுகிறது என்பதை அறியாதவர்க்கும் அறிவித்துவிட்டு, உண்மை எதுவென்று சொல்லாமல் நகர்கிறது.

ஓரம் வெறுமையாக நிற்கும் வாக்கியங்களை அடித்துவிடுவோம். எஞ்சியவற்றில் இரண்டாம் முறை வரும் பெயர்ச்சொல்லை நீக்குவோம். தமிழில் இது எளிது. வினைமுற்றின் விகுதியே எழுவாயைச் சுமக்கும். எச்சம் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும். இப்போது கிடைப்பது: "நேற்றிரவு விடுதியில் உண்டவர்களில் சிலர் நோயுற்றுச் சிகிச்சை பெறுகிறார்கள்."

ஏழு சொற்கள். ஐம்பத்தொன்று சொன்னதெல்லாம் இவ்வளவே. சுருக்கியதால் கிடைத்த பெரும்பயன் வேறொன்று: ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை பேர்? எந்த மருத்துவமனை? யாரைக் கேட்பது? இன்று என்ன உண்பது? ஐம்பத்தொரு சொற்களின் நெரிசலில் எழாத இக்கேள்விகள் ஏழு சொற்களுக்கு நடுவே தாமாக எழுகின்றன. விடைகளை இட்டு எழுதினால், எண்கள் மாதிரிக்காக மட்டுமே, இப்படி அமையும்:

"நேற்றிரவு விடுதியில் உண்டவர்களில் 14 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. 11 பேர் மருந்து பெற்று அறைக்குத் திரும்பிவிட்டனர். மூவர் அரசு மருத்துவமனையில் பெண்கள் பிரிவில் உள்ளனர். உயிரிழப்பு இல்லை. மூவரோடும் தொலைபேசியில் பேச விரும்புவோர் காப்பாளரை அணுகலாம். சமையற்கூடம் மூடப்பட்டது, இன்று உணவு வெளியிலிருந்து வரும். அதே அறிகுறி உள்ளவர் எந்நேரமும் காப்பாளர் அறைக்கு வரவும்."

நாற்பத்தொரு சொற்கள். பழையதைவிடப் பத்து குறைவு. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஒரு செய்தி குறையும். 'அஞ்ச வேண்டாம்' என்ற தொடர் எங்கும் இல்லை. அதன் வேலையை 'உயிரிழப்பு இல்லை' என்ற இரு சொற்களும் அந்தத் தொலைபேசியும் செய்துவிடுகின்றன.

பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் அடுத்தடுத்து வைக்கிறார். ஒன்று குறை, மற்றவை மிகை. எதிரெதிரானவை என்றே நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். மேற்கண்ட மாதிரியிலோ மூன்றும் ஒரே பத்தியில் கூடியிருக்கின்றன. பொருள் குன்றிய இடத்தில்தான் சொல் மிகுகிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். அடுக்குவது தமிழின் இயல்பு, மேடை மரபு என்பது முதலாவது. இலக்கணம் அடுக்குக்கு இடம் தந்தது உண்மை. பாம்பைக் கண்டவன் 'பாம்பு பாம்பு' என்று கூவலாம். விரைவும் அச்சமும் அங்கே பொருள். சிறப்புக் கருதி வரும் ஒருபொருட்பன்மொழிக்கும் அனுமதி உண்டு. கூறியதையே கூறினாலும் வேறொரு பொருள் விளையுமானால் குற்றமில்லை என்பதே உரையாசிரியர்களின் அளவுகோல். 'உரிய சிகிச்சை உரிய முறையில்' என்பதில் விளைந்த வேறு பொருள் எது?

வெட்ட வெட்டத் தெளிவு கெடும் என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை உண்டு. 'அச்சினைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றுமுன் அது குளிர்ந்துவிட்டதா என்று பார்' என்றால் குளிர வேண்டியது அச்சா, பிரஸ்ஸா? இங்கே பெயரை மீண்டும் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிடில் அதே பட்டியலிலுள்ள மயங்க வைத்தல் என்னும் குற்றம் நேரும், கையும் வெந்துபோகும். ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் 'அச்சு', மற்றோரிடத்தில் 'வார்ப்பு' என மாற்றி எழுதும் அழகுணர்ச்சியும் கேடு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் பழகும் தொழிலாளி அவற்றை இரண்டு பொருள்கள் என்றே கொள்வார். ஆகவே பொருளைச் சுட்டும் பெயர் திரும்பலாம். வாக்கியத்தின் செய்தி திரும்பலாகாது.

இக்குற்றத்தை வளர்த்தவர்கள் யார்? பக்கக் கணக்குப் பார்த்துக் கட்டுரைக்கு மதிப்பெண் இடும் நாம்தாம். முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் மீண்டும் சொன்னவருக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தருகிறோம். அவர் விடுதி அலுவலகத்தில் அமர்ந்து அறிவிப்பு எழுதும்போது நாம் கற்பித்ததையே செய்கிறார். கூறியது கூறல் என்றால் என்ன என்று ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்பதை நிறுத்துவோம். மேற்கண்டதைப் போன்ற அறிவிப்பொன்றைத் தேர்வுத்தாளில் அச்சிட்டு, அடிக்க வேண்டிய வாக்கியங்களை அடிக்கச் சொல்லுவோம். அடித்தபின் விடையின்றி நிற்கும் கேள்விகளை வரிசைப்படுத்தச் சொல்லுவோம். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தக் கேள்விகளுக்கே உரியது.